அம்மா போனில் ஐந்தே முகங்கள்... ஒரே தொடுதலில் அழைப்பு போக என்ன செய்ய வேண்டும்?

இரவு ஒன்றேகால் மணி. கும்பகோணம் வீட்டில் அப்பாவுக்குத் திடீரென்று மூச்சு வாங்க ஆரம்பித்தது. அம்மாவின் கையில் போன் இருந்தது. அதில் சார்ஜ் இருந்தது, சிக்னல் இருந்தது, ரீசார்ஜும் முடியவில்லை. மூக்குக்கண்ணாடியை மட்டும் எங்கே வைத்தோம் என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

கான்டாக்ட் லிஸ்ட்டைத் திறந்து மேலும் கீழும் தள்ளிப் பார்த்திருக்கிறார். கேஸ்காரர், பழைய கேஸ்காரர், பத்து வருடத்துக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தவர் என்று முந்நூற்றுக்கும் மேல் பெயர்கள். பதற்றத்தில் விரல் எங்கெங்கோ பட்டு, யாரோ ஒருவருக்கு ரிங் போய், அதையும் கட் செய்யத் தெரியாமல், கடைசியில் போனைக் கட்டிலில் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கி எதிர்வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அவர்கள்தான் 108-ஐ அழைத்தார்கள். அப்பா இப்போது நன்றாக இருக்கிறார்.

மறுநாள் காலை சென்னையிலிருந்து நான் போய் இறங்கியதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான்: "போன் கையிலதான் இருந்துச்சு பாப்பா. நீ அதுக்குள்ள எங்க இருக்கேன்னுதான் தெரியல."

அந்த போனை வாங்கிக் கொடுத்தவள் நான். வாட்ஸ்அப், யூடியூப், பக்திப் பாட்டு எல்லாம் போட்டுக் கொடுத்தவளும் நான்தான். கண்ணாடி இல்லாமல், கை நடுங்கும்போது, ஒரே தொடுதலில் ஒருவரை அழைக்க முடியுமா என்று மட்டும் யோசித்ததில்லை. அன்று மதியம் உட்கார்ந்து செய்தேன். முதல் முயற்சியில் பாதி தோற்றுப்போனது. எங்கே தோற்றது, எப்படிச் சரியானது என்பதையும் சேர்த்தே இங்கே சொல்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நீங்களும் செய்துவிடலாம்.

யார் அந்த ஐந்து பேர்?

போனைத் தொடும் முன் ஒரு பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து எண்கள் போதும். அதற்கு மேல் போனால் மறுபடியும் தேடும் வேலைதான்.

முதல் பட்டனில் உங்கள் எண்ணை வைக்கத்தான் கை போகும். அம்மாவும் அதையேதான் கேட்பார். ஆனால், அங்கே இருக்க வேண்டியது பத்து நிமிடத்துக்குள் வீட்டுக்கு வந்து நிற்கக்கூடியவரின் எண். நான் இருப்பது கும்பகோணத்திலிருந்து ஆறேழு மணி நேரப் பயணத்தில். நடு இரவில் என்னை அழைத்தால் நான் செய்வதும் எதிர்வீட்டு அக்காவை போனில் பிடிப்பதுதான். அந்த இரண்டு நிமிடத்தை நான் ஏன் நடுவில் நின்று வீணாக்க வேண்டும்?

"அவங்களைப் போயி தொந்தரவு பண்ணணுமா? உன் நம்பரை மொதல்ல வை" என்று அம்மா மறுத்தார். அக்காவிடமே கூட்டிக்கொண்டு போனேன். "எந்த நேரமா இருந்தாலும் அடிங்க மாமி, அதுல என்ன இருக்கு" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் அம்மா சம்மதித்தார். இதை விட்டுவிடாதீர்கள். ஒருவருடைய எண்ணை அவசர பட்டனாக வைக்கப் போகிறீர்கள் என்றால், அவரிடம் கேட்டுக்கொள்வதுதான் முறை. பெற்றோருக்கும் அப்போதுதான் தயக்கம் போகும்.

எங்கள் பட்டியல் இப்படி அமைந்தது. ஒன்று, எதிர்வீட்டு அக்கா. இரண்டு, நான். மூன்று, வழக்கமாக வரும் ஆட்டோக்காரர். நான்கு, அப்பா. அம்மா வீட்டிலும் அப்பா கடைத்தெருவிலும் இருக்கும்போது அதிகம் தேவைப்படுவது அந்த எண்தான். ஐந்து, 108. வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் இந்தப் பட்டியலில் இல்லை. அவருக்கு வேறு ஏற்பாடு, பின்னால் சொல்கிறேன்.

பெயரை அம்மா கூப்பிடுவதுபோல் எழுதுங்கள்

அடுத்த வேலை, இந்த ஐந்து கான்டாக்ட்டையும் சுத்தம் செய்வது. என் பெயரை முழுப்பெயராக, இன்ஷியலோடு, ஆங்கிலத்தில் சேமித்து வைத்திருந்தேன். அம்மா என்னை அப்படி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. 'பாப்பா' என்று மாற்றினேன். மற்றவை 'எதிர்வீடு', 'ஆட்டோ', 'அவர்' என்று ஆயின. ஆமாம், அப்பாவின் பெயரை அம்மா சொல்லமாட்டார்! பெயர் சிறியதாக இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. பட்டனுக்குக் கீழே நீளமான பெயர் வந்தால் பாதியில் வெட்டிவிடும்.

ஒரு கான்டாக்ட்டுக்குள் ஒரே ஒரு எண்தான் இருக்க வேண்டும். என் பெயருக்குள் பழைய எண், ஆபீஸ் எண், இப்போதைய எண் என மூன்று இருந்தன. இப்படி இருந்தால் சில இடங்களில் 'எந்த எண்?' என்று போன் கேட்டு நிற்கும். பழையதை அழித்துவிடுங்கள். இரண்டாவது எண் தேவை என்றால் அதை வேறு பெயரில் தனியாகச் சேமியுங்கள்.

மொபைல் எண்களை +91 சேர்த்து வையுங்கள். வெளியூர், வெளிமாநிலம் எங்கே போனாலும் அப்போது மாற்ற வேண்டியதில்லை. 108-ஐ மட்டும் வெறும் 108 ஆகவே சேமிக்க வேண்டும். முன்னால் எதையும் சேர்த்தால் அழைப்பு போகாது.

பிறகு போட்டோ. இதுதான் கண்ணாடி இல்லாத நேரத்தில் காப்பாற்றப் போவது. கல்யாண வீட்டு குரூப் போட்டோவை வைத்தால், விரல் நுனி அளவு வட்டத்துக்குள் எந்த முகமும் தெரியாது. வெறும் சுவருக்கு முன்னால் நிறுத்தி, முகம் மட்டும் நிறையும்படி புதிதாக எடுங்கள். ஆட்டோக்காரருக்கு அவர் முகத்தைவிட அவருடைய ஆட்டோவின் போட்டோதான் அம்மாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. 108-க்கு ஒரு வெள்ளைப் பேப்பரில் சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக 108 என்று எழுதி, அதையே போட்டோ எடுத்து வைத்தேன்.

ஹோம் ஸ்கிரீனில் முகங்களை வைப்பது

இப்போதுதான் முக்கியமான வேலை. ஆண்ட்ராய்டு போனில் ஹோம் ஸ்கிரீனில் காலியாக இருக்கும் இடத்தை அழுத்திப் பிடியுங்கள். வரும் மெனுவில் Widgets என்பதைத் தொடுங்கள். பட்டியலில் Contacts என்ற பெயரைக் கண்டுபிடித்துத் திறந்தால் உள்ளே இரண்டு மூன்று வகைகள் இருக்கும். அதில் Direct dial என்பதைத் தேர்ந்தெடுத்து, ஹோம் ஸ்கிரீனில் வைத்து, யாருக்கான பட்டன் என்று கேட்கும்போது ஆளைக் காட்டுங்கள்.

இங்கேதான் நிறைய பேர் தவறுகிறார்கள். பக்கத்திலேயே Contact என்று இன்னொன்று இருக்கும். பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரிதான். ஆனால், Contact வகையைத் தொட்டால் அந்த நபரின் பக்கம் திறக்கும். அதில் கால், மெசேஜ், வீடியோ என்று வரிசையாகச் சின்னச் சின்ன அடையாளங்கள் இருக்கும். பதற்றத்தில் இருப்பவருக்கு அது இன்னொரு புதிர். Direct dial வகையைத் தொட்டால் நேராக ரிங் போகும். வைத்ததும் ஒருமுறை தொட்டுப் பார்த்து, எது நடக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். முதல் தடவை அழைப்பதற்கு அனுமதி கேட்டால் Allow கொடுத்துவிடுங்கள். அந்தக் கேள்வி அம்மா கையில் வரக் கூடாது.

ஐந்து பட்டனையும் நெருக்கமாக அடுக்காதீர்கள். பக்கத்து பட்டனில் விரல் படும். முதல் பக்கத்தில் இருக்கும் மற்ற ஐகான்களை எல்லாம் இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பக்கத்தை இந்த முகங்களுக்கு மட்டுமே கொடுங்கள். சாம்சங் போன் என்றால் Settings-ல் Display போய் Easy mode-ஐ ஆன் செய்துவிட்டு அதன் பிறகு பட்டன்களை வையுங்கள். ஐகான், எழுத்து எல்லாம் பெரிதாகும். வேறு சில கம்பெனி போன்களில் இதேபோல Simple mode இருக்கும். எதுவும் இல்லையென்றால், Display பகுதிக்குள் Display size இருக்கும். அதை ஒரு படி கூட்டினாலே வித்தியாசம் தெரியும்.

ஒரு விஷயத்தை இப்போதே ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது எண்ணை மாற்றினால், கான்டாக்ட்டில் மட்டும் திருத்தினால் போதாது. பல போன்களில் இந்த பட்டன், வைத்த அன்று இருந்த எண்ணையே பிடித்துக்கொண்டிருக்கும். பட்டனை நீக்கிவிட்டுப் புதிதாக வைப்பதுதான் பாதுகாப்பு.

பட்டன் இருந்தும் ரிங் போகவில்லையே... ஏன்?

எல்லாம் முடித்து, "இப்ப எனக்கு போன் பண்ணு" என்று அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா என் முகத்தைத் தொட்டார். போனைக் காதில் வைத்தார். அரை நிமிடம் கழித்து, "ஒண்ணும் கேக்கல" என்றார். வாங்கிப் பார்த்தால், 'SIM 1-ஆ, SIM 2-ஆ?' என்று கேட்டுக்கொண்டு போன் நின்றிருந்தது.

இரண்டு சிம் உள்ள போன்களில் நடக்கும் முதல் தோல்வி இதுதான். நமக்கு அது ஒரு நொடி வேலை என்பதால் கண்ணிலேயே படுவதில்லை. Settings-ல் சிம் பகுதிக்குப் போனால், அழைப்புக்கு எந்த சிம் என்பதில் Ask every time அல்லது Always ask என்று இருக்கும். அதை ஒரு சிம்முக்கு மாற்றுங்கள். சாம்சங்கில் இது Connections, SIM manager என்ற வரிசையில் வரும். எந்த சிம்மை வைப்பது? வீட்டுப் படுக்கையறையில் நன்றாக சிக்னல் கிடைக்கும் சிம், அதுவும் ரீசார்ஜ் ஓடிக்கொண்டிருக்கும் சிம். பேக் முடிந்துபோன சிம்மில் அழைப்பு வருவதுபோல் இருக்கும்; வெளியே போகாது. அந்த ரீசார்ஜ் தேதியை உங்கள் போனில் ரிமைண்டராகப் போட்டுவிடுங்கள். அதை அவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள் என்று விடாதீர்கள்.

சிம்மைச் சரிசெய்து மறுபடி கொடுத்தேன். இந்த முறை அம்மா தொட்டதும் பட்டனே நகர்ந்தது. இன்னொரு தடவை தொட்டபோது Remove என்று ஏதோ வந்தது. அம்மா பயந்து போனை நீட்டினார். "உடைச்சிட்டேனா?"

காரணம் எளிது. நாம் திரையைத் தட்டுகிறோம். அவர்கள் காலிங் பெல்லை அழுத்துவதுபோல் அழுத்துகிறார்கள். விரல் அரை நொடிக்கு மேல் அங்கேயே இருந்தால், பட்டனை இடம் மாற்ற வேண்டும் என்று போன் எடுத்துக்கொள்கிறது. இதற்கு இரண்டு மாற்றங்கள் போதும். Settings-ல் Accessibility பகுதிக்குள் Touch and hold delay என்று ஒன்று உண்டு. தேடும் பெட்டியில் அந்தப் பெயரை அடித்தாலே வரும். அதை Long என்று வைத்தால், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் சாதாரணத் தொடுதலாகவே போன் எடுத்துக்கொள்ளும். அடுத்தது, ஹோம் ஸ்கிரீன் செட்டிங்கில் Lock Home screen layout இருந்தால் ஆன் செய்யுங்கள். அதன் பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பட்டன் நகராது, அழியாது. எல்லா போனிலும் இந்த இரண்டாவது வசதி இருக்காது. இல்லையென்றால் முதல் மாற்றத்தை மட்டுமாவது செய்துவிடுங்கள்.

108 பட்டனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவசர எண்களை ஒரு ஆப் தானாக அழைத்துவிடாமல் இருக்க ஆண்ட்ராய்டில் தடுப்பு உண்டு. அதனால் சில போன்களில் அந்தப் பட்டனைத் தொட்டால் 108 என்ற எண் திரையில் வந்து நிற்கும். பச்சை பட்டனையும் அழுத்தினால்தான் ரிங் போகும். உங்கள் அம்மாவின் போன் எப்படி என்று ஒருமுறை தொட்டுப் பார்த்து, ரிங் போக ஆரம்பித்தால் உடனே கட் செய்துவிடுங்கள். சோதனைக்காக அழைத்துப் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த லைனுக்காக அந்த நேரம் வேறு யாராவது காத்திருக்கலாம்.

பூட்டிய போனைத் திறக்க முடியவில்லை என்றால்?

முகங்கள் எல்லாம் ஹோம் ஸ்கிரீனில்தான் இருக்கின்றன. அங்கே போவதற்கே பேட்டர்ன் கேட்கிறதே? பேட்டர்னை எடுத்துவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால், அந்த போனில் யுபிஐ ஆப் இருக்கிறது, பேங்க் மெசேஜ் வருகிறது. பணம் சம்பந்தப்பட்ட எதுவுமே இல்லாத போன் என்றால் மட்டும் பூட்டை எடுத்துவிடுங்கள்.

கைரேகை வைக்கலாம். ஆனால், வருடக்கணக்கில் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். சென்சார் பல தடவை ஏற்காது. ஒரே கட்டை விரலையே இரண்டு தடவை, இரண்டு தனித்தனி ரேகைபோல் பதிவு செய்யுங்கள். இரண்டாவது தடவை பதியும்போது விரலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இது நன்றாகவே வேலை செய்கிறது.

அதுவும் நடக்காத நேரத்துக்கு ஒரு பின்வாசல் உண்டு. Settings-ல் Safety and emergency என்ற பகுதிக்குள் Emergency contacts இருக்கும். அதில் எதிர்வீட்டையும் உங்களையும் சேருங்கள். பூட்டிய திரையில் காட்டலாமா என்ற கேள்விக்கு ஆம் சொல்லுங்கள். அதன் பிறகு போனைத் திறக்காமலே, பூட்டுத் திரையில் உள்ள Emergency call என்பதைத் தொட்டு அந்த இருவரை அழைக்க முடியும். அப்பாவோ அம்மாவோ வெளியே மயங்கி விழுந்தால், போனை எடுத்துப் பார்க்கும் வேறு ஒருவருக்கும் இது உதவும்.

பட்டன் போன்தான் வேண்டும் என்பவர்களுக்கு...

"எனக்கு இந்தத் தடவுற போன் வேணாம்" என்று சொல்லும் பெற்றோரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். கண் தெரியாத நேரத்தில் பட்டன் போன் உண்மையிலேயே இன்னும் வசதி. கையாலேயே தடவிக் கண்டுபிடிக்கலாம். ஸ்பீடு டயல் பிறந்ததே இந்த போன்களுக்காகத்தான். ஓர் எண் பட்டனை இரண்டு நொடி அழுத்திப் பிடித்தால் அதற்கு ஒதுக்கிய ஆளுக்கு ரிங் போகும்.

மெனுவில் Speed dial என்ற பெயரைத் தேடுங்கள். பெரும்பாலும் Contacts-க்குள்ளோ, Settings-ல் Call settings-க்குள்ளோ இருக்கும். முதலில் அதை ஆன் செய்துவிட்டுப் பிறகு எண்களை ஒதுக்க வேண்டும். ஆன் செய்ய மறந்தால், ஒதுக்கிய எண்கள் பட்டியலில் இருந்தும் அழுத்தும்போது ஒன்றும் நடக்காது.

எந்த எண்ணை யாருக்கு ஒதுக்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1 பெரும்பாலும் வாய்ஸ்மெயிலுக்குப் போய்விடும். 5-ஐயும் 9-ஐயும் தொடாதீர்கள். இந்தியாவில் 2017 முதல் விற்கப்படும் சாதாரண போன்களில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும் என்று விதி இருக்கிறது. அங்கே உங்கள் எண்ணை வைக்க முயன்றால் குழப்பம்தான். ஸ்மார்ட்போனிலும் இதே விதிப்படி பவர் பட்டனை வேகமாக மூன்று தடவை அழுத்துவது அவசர அழைப்புக்கான வழி. நாடு முழுவதற்குமான அவசர எண் 112.

இப்போது 5-ம் எண்ணைத் தடவிப் பாருங்கள். அதன் மேல் ஒரு சின்னப் புள்ளியோ கோடோ மேடாக இருக்கும். அதுதான் வழிகாட்டி. அதற்கு நேர் மேலே 2, இடப்பக்கம் 4, வலப்பக்கம் 6, கீழே 8. இந்த நான்கு பட்டன்களுக்கு மட்டும் ஆள் வையுங்கள். "புள்ளிக்கு மேல எதிர்வீடு, இந்தப் பக்கம் பாப்பா, அந்தப் பக்கம் ஆட்டோ, கீழ அவர்" என்று சொல்லிக் கொடுத்தால், எண்ணே பார்க்காமல் இருட்டிலும் விரல் போகும். என் பெரியம்மாவின் பட்டன் போனில் இப்படித்தான் வைத்துக் கொடுத்தேன். கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால், எழுத்தே தெரியாத நாள்களில்கூட எங்களை அழைத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஸ்மார்ட்போன்களிலும் இது உண்டு. சாம்சங்கின் Phone ஆப்பில் கீபேடைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டால் Speed dial வரும். சில போன்களின் Phone ஆப்பில் அந்த வரி இருக்காது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். தொடுதிரையில் எண்ணைவிட முகம்தான் எளிது.

ஐபோன் வைத்திருக்கும் பெற்றோருக்கு Shortcuts ஆப்பில் புதிதாக ஒன்றை உருவாக்கி, Call என்பதைச் சேர்த்து, ஆளைத் தேர்ந்தெடுத்து, Add to Home Screen கொடுத்தால் ஹோம் ஸ்கிரீனில் பட்டன் வந்துவிடும். போனை முழுவதுமாகவே எளிமையாக்க வேண்டும் என்றால், ஐஓஎஸ் 17-லிருந்து Accessibility-க்குள் Assistive Access இருக்கிறது. அதில் பெரிய கட்டங்களும் நாம் தேர்ந்தெடுத்த ஆட்களும் மட்டும்தான் தெரியும்.

வெளிநாட்டில் இருப்பவருக்கு...

அண்ணன் வெளிநாட்டில் இருக்கிறார். அம்மா பேசுவது வாட்ஸ்அப்பில்தான். வாட்ஸ்அப்பில் அண்ணனின் சாட்டைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் More என்பதற்குள் போனால் Add shortcut இருக்கும். அதைக் கொடுத்தால் அண்ணனின் முகமும் ஹோம் ஸ்கிரீனுக்கு வந்துவிடும். ஆனால், அதைத் தொட்டால் சாட்தான் திறக்கும். மேலே உள்ள கால் அடையாளத்தை இரண்டாவதாகத் தொட வேண்டும். நெட் இல்லையென்றால் அதுவும் போகாது. அதனால் அதை முதல் பக்கத்தில் வைக்காமல் இரண்டாம் பக்கத்தில் வைத்தேன். முதல் பக்கம் அவசரத்துக்கு, இரண்டாம் பக்கம் ஆசைக்கு. அம்மாவுக்கும் அந்தக் கணக்கு உடனே புரிந்துவிட்டது.

உங்கள் போன் எந்த மோடில் இருக்கிறது?

அம்மாவின் போனைச் சரிசெய்துவிட்டு நிம்மதியாகச் சென்னைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. தினமும் இரவு பதினொரு மணிக்கு என் போன் Do Not Disturb-க்குப் போய்விடும். அம்மா சரியான முகத்தைச் சரியாகத் தொட்டாலும், இந்தப் பக்கம் மணி அடிக்காது!

ஆண்ட்ராய்டில் Do Not Disturb செட்டிங்கில் அழைப்புகளுக்கான விதிவிலக்கைத் திறந்து, நட்சத்திரம் போட்ட கான்டாக்ட்டுகளை அனுமதியுங்கள். பிறகு அம்மா, அப்பா, எதிர்வீடு மூவருக்கும் நட்சத்திரம் போடுங்கள். அங்கேயே Repeat callers-ஐயும் ஆன் செய்தால், ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தடவை வரும் அழைப்பு உள்ளே வந்துவிடும். ஆனால், இந்த விதிவிலக்கு எல்லாம் Do Not Disturb-க்கு மட்டும்தான். போனைச் சாதாரணமாக சைலன்ட்டில் போட்டிருந்தால் நட்சத்திரம் போட்டவரின் அழைப்புக்கும் மணி அடிக்காது. இரவில் சைலன்ட்டுக்குப் பதிலாக Do Not Disturb பழகிக்கொள்ளுங்கள். நீங்கள் ஐபோன் என்றால், அம்மாவின் கான்டாக்ட்டில் Ringtone-க்குள் Emergency Bypass இருக்கிறது. அதை ஆன் செய்தால் சைலன்ட்டிலும் அந்த ஒரு எண்ணுக்கு மணி அடிக்கும்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு பரீட்சை

கடைசி வேலை சோதனை. பட்டன் வைத்த அன்றே ஒருமுறை, ஊருக்குக் கிளம்பும் முன் ஒருமுறை. அம்மாவின் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள். போன் பூட்டிய நிலையில் மேசையில் இருக்கட்டும். "ஆட்டோவைக் கூப்பிடு" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு பாருங்கள். 'அங்க தொடு, இங்க தொடு' என்று சொல்லிக்கொடுத்தால் அது பரீட்சை இல்லை. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கேதான் உங்களுக்கு இன்னும் வேலை பாக்கி இருக்கிறது. எங்கள் வீட்டில் அழைப்பது சரியாக வந்தது. கட் செய்வதுதான் வரவில்லை. பேசும்போது திரை அணைந்துவிடுவதால் சிவப்பு பட்டனைக் காணாமல் தேடினார். காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தால் மறுபடி தெரியும் என்று காட்டிக் கொடுத்தேன்.

ஊருக்குத் திரும்பிய பிறகு வாரம் ஒருநாள் 'இன்னிக்கு நீ என்னைக் கூப்பிடு' என்று சொல்லுங்கள். நீங்களே எப்போதும் அழைத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு பட்டன் மறந்துபோகும். எண்ணோ சிம்மோ மாறினால், போன் அப்டேட் ஆனால், மறுபடி ஒருமுறை ஐந்து பட்டனையும் பார்த்துவிடுங்கள்.

கூடவே அந்த ஐந்து எண்களையும் ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவைத்திருக்கிறேன். போனே கீழே விழுந்து உடைந்தாலும், வேறு யார் போனிலிருந்தாவது அழைக்க முடியும் இல்லையா?

பட்டன் வைத்து மூன்றாவது வாரம், ஒருநாள் காலை ஆறு மணிக்கு எதிர்வீட்டு அக்கா என்னை அழைத்தார். பதறிப்போய் எடுத்தேன். "ஒண்ணுமில்ல, ராத்திரி பத்து மணிக்கு உங்க அம்மா போன் பண்ணாங்க. அப்பாவுக்கு லேசா தலை சுத்துச்சாம். பி.பி. மாத்திரை போட மறந்திருக்காரு. போய் பார்த்துட்டு, மாத்திரை கொடுத்து, தூங்கினதுக்கப்புறம்தான் வந்தேன். உன்னை எழுப்ப வேணாம்னு அம்மாதான் சொன்னாங்க" என்றார்.

அம்மாவிடம் கேட்டேன், "கண்ணாடி போட்டிருந்தியா?"

"அதைத் தேட எங்க நேரம்? மொதல் மூஞ்சிதானே, தொட்டேன்."